தாமதமாக வருபவருக்கு மெமோ எழுதும்போது

மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரைத் தேடி முதல் மாதத்திலேயே இந்த வேலை வந்துவிடும். ஒரு பிரிவு மேலாளர் வாட்ஸ்அப்பில் நாலைந்து வரிகளைக் கொட்டிவிட்டு, "இன்றைக்கே ஒரு மெமோ அடித்துக் கொடுங்கள்" என்று முடித்திருப்பார். அந்த வரிகளையே கொஞ்சம் மரியாதையாக மாற்றி, மேலே நிறுவனத்தின் பெயரையும் கீழே கையெழுத்தையும் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி எழுதிய கடிதங்கள் இரண்டு, ஊழியர் தந்த ஒரு பக்க பதிலில் மண்ணைக் கவ்வின. அவற்றில் கடுமை கூடிப்போயிருந்தது என்பதைவிட, சொன்ன எதற்கும் பதிவு இல்லாமல் போனதுதான் குறை.

கோவைக்கு அருகே ஓர் உதிரி பாகக் கிடங்கில் நான் இருந்தபோது வந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். பில் போடும் பிரிவில் ஓர் ஊழியர். வேலை நேரம் காலை 9 மணி, 9.10 வரை விலக்கு உண்டு. 2025 மார்ச் 25, செவ்வாய்க்கிழமை காலை மேலாளரிடமிருந்து வந்த செய்திகள் இவை. பேச்சு வழக்கை மட்டும் எழுத்து வழக்குக்கு மாற்றியிருக்கிறேன்.

"இன்றும் லேட். தினமும் இதே கதைதான்."

"நூறு முறை சொல்லியாகிவிட்டது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நிற்கிறார்."

"லாரி வந்து நிற்கிறது, பில் போட ஆள் இல்லை. இவரால் தினமும் வண்டி தாமதம்."

"வேலையில் அக்கறையே இல்லை. வேறு இடம் பார்த்துவிட்டார் போல."

"அரை நாள் சம்பளத்தைப் பிடியுங்கள். அப்போதுதான் புத்தி வரும்."

முதல் வேலை, எழுத உட்காராமல் இருப்பது. இந்த ஐந்து வரிகளையும் ஒரு தாளில் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதை எந்தப் பதிவு காட்டும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு காட்டுவது கடிதத்துக்குள் போகும். காட்டாதது மேலாளரின் கோபம். அது அவருடைய கைபேசியிலேயே இருக்கட்டும்.

"தினமும்" என்றால் எத்தனை நாள்?

விரல்ரேகைக் கருவியின் பதிவை மார்ச் 3 முதல் 25 வரை எடுத்தேன். ஞாயிறுகள் போக 20 வேலை நாள்கள். 9.10க்குப் பிறகு வருகை பதிவானவை 8 நாள்கள். "தினமும்" அந்த இடத்திலேயே எட்டாகிவிட்டது. ஆனால் கருவியின் பட்டியலை அப்படியே கடிதத்தில் ஒட்டிவிடக் கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

ஒவ்வொரு தேதியையும் இன்னொரு பதிவோடு ஒப்பிட வேண்டும். மார்ச் 14 அன்று வருகை 10.50 என்றிருந்தது. அலுவலாக வெளியே செல்பவர்களைக் குறிக்கும் பதிவேட்டைப் புரட்டினால், அன்று காலை அவரை நேராக லாரி அலுவலகத்துக்குப் போய் ரசீது நகல் வாங்கிவரச் சொன்னவர் மேலாளரேதான். மார்ச் 20 அன்று 9.14. அதே காலையில் வேறு பதினொரு பேருக்கும் 9.10க்குப் பிறகுதான் பதிவு விழுந்திருந்தது. மின்சாரம் போய்வந்து கருவி மீண்டும் இயங்கும்வரை எல்லாரும் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இரண்டையும் நீக்கினேன். மிஞ்சியவை 6.

அந்த இரண்டையும் விட்டுவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊழியர் மார்ச் 14ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, "என்னை அனுப்பியவரே என் மேல் குற்றம் சொல்கிறார்" என்று பதில் எழுதியிருப்பார். மற்ற ஆறு நாள்களும் அதோடு சந்தேகத்துக்குரியவை ஆகியிருக்கும். ஒரு தவறான தேதி, சரியான ஆறு தேதிகளையும் இழுத்துக்கொண்டு விழும்.

தேதிகளோடு கிழமையையும் எழுதிக்கொள்ளுங்கள். மார்ச் 4, 11, 18, 25 செவ்வாய். 7, 21 வெள்ளி. மற்ற கிழமைகளில் அவர் ஒன்பதுக்கு முன்பே வந்திருக்கிறார். மேலாளரின் கண்ணுக்கு இது படவில்லை. கோபம் கிழமை பார்ப்பதில்லை. ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அது என்ன என்ற ஊகத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. தேதிக்குப் பக்கத்தில் கிழமையை அச்சிட்டுவிட்டால் போதும், படிப்பவருக்குத் தானே தெரியும்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள்: அதே பிரிவில் மற்றவர்கள் எப்படி? எங்கள் வருகை விதிப்படி ஒரு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் தாமதம் என்றால் விளக்கம் கேட்க வேண்டும். பக்கத்து மேசை ஊழியருக்கு அந்த மாதம் நான்கு இருந்தது. அவரைப் பற்றி மேலாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது, "அவர் நல்ல வேலைக்காரர்" என்றார். இருக்கலாம். விதியில் வேலைத்திறமைக்கு விலக்கு இல்லை. அன்று இரண்டு கடிதங்கள் தயாராயின. மேலாளர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

"நூறு முறை" சொன்னது எப்போது?

இந்தக் கேள்வியை மேலாளரிடம் நேரில் கேளுங்கள், தட்டச்சில் கேட்காதீர்கள். எழுத்தில் கேட்டால் தன்னை விசாரிப்பதாக நினைத்துக்கொள்வார். "நீங்கள் கடைசியாக அவரிடம் இதைப் பற்றிப் பேசியது எந்த நாள், என்ன சொன்னீர்கள்?" என்பது போதும். எங்கள் மேலாளர் யோசித்து ஒரே ஒரு நாளைச் சொன்னார்: மார்ச் 12, தன் அறையில். மற்றதெல்லாம் ஊழியர் உள்ளே நுழையும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தது, முணுமுணுத்தது, வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொம்மை முகத்தைப் போட்டது. அவையெல்லாம் சொன்ன கணக்கில் வராது.

நூறு ஒன்றானதில் நமக்கு நஷ்டம் இல்லை. மார்ச் 12க்குப் பிறகு மூன்று தாமதங்கள் இருக்கின்றன: 18, 21, 25. நேரில் பேசிய பிறகும் மூன்று முறை நடந்தது என்பதுதான் இந்தக் கடிதத்தின் உண்மையான எடை. "நூறு முறை" என்ற சொல் அதை மூடி மறைத்துவிட்டிருந்தது.

வண்டி நின்றது உண்மையா?

தாமதத்தால் வேலை என்ன ஆயிற்று என்று சொல்வது நியாயமான கடிதத்துக்கு உதவும். ஆனால் அதற்கும் ஆதாரம் வேண்டும். காவலரின் வாயில் பதிவேட்டைப் பார்த்தேன். முதல் வண்டி 9.45க்குப் புறப்பட வேண்டும். அந்த ஆறு நாள்களில் இரண்டு நாள்தான் பிந்தியிருந்தது. மார்ச் 7 அன்று 10.05க்கும், மார்ச் 21 அன்று 10.10க்கும். மார்ச் 21 பதிவை இன்னொரு முறை பார்த்தால், வண்டி உள்ளே வந்ததே 9.50க்கு. அன்று ஊழியர் 9.35க்கே மேசையில் இருந்தார். ஆக, அவருடைய தாமதத்தோடு சேர்த்துச் சொல்லக்கூடியது மார்ச் 7 ஒன்றுதான். அதையும் பில் பதிவின் நேரத்தோடு சரிபார்த்த பிறகே எடுத்துக்கொண்டேன்.

அக்கறை, அலட்சியம், மெத்தனம்

நான்காவது வரிக்கு எதிரே என் தாள் வெறுமையாக இருந்தது. ஒருவர் 9.31க்கு வந்தார் என்பதைக் கருவி காட்டும். அக்கறையின்றி வந்தார் என்பதை எதுவும் காட்டாது. நம் அலுவலகத் தமிழில் "மெத்தனப் போக்கு", "பொறுப்பற்ற செயல்", "வேண்டுமென்றே" ஆகிய மூன்றும் தட்டச்சு செய்பவரின் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருப்பவை. மூன்றுமே ஒருவருடைய மனத்துக்குள் புகுந்து பார்த்ததாகச் சொல்பவை. மூன்றையும் நீக்கிவிடுங்கள்.

இவை கண்ணுக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் குத்துபவை சின்ன இடைச்சொற்கள். "சொல்லியும் வந்தீர்கள்" என்பதில் அந்த 'உம்' கன்னத்தில் ஓர் அறை. "ஒரு நாள்கூட" என்பதில் 'கூட' ஒரு பொய், பதினான்கு நாள் நேரத்துக்கு வந்திருக்கிறாரே. "அக்கறையே இல்லை" என்பதில் 'ஏ' மேலாளரின் குரல். வரைவை முடித்ததும் ஒருமுறை இவற்றை மட்டும் தேடிப் படியுங்கள். "மார்ச் 12 அன்று மேலாளர் சொல்லியும் மூன்று நாள் தாமதமாக வந்தீர்கள்" என்பதை, "மார்ச் 12 அன்று மேலாளர் தங்களிடம் பேசினார். அதன் பின் மூன்று நாள்கள் தாமதம் பதிவாகியிருக்கிறது" என்று இரண்டாக உடைத்தால், செய்தி அப்படியே இருக்கும், அறை போய்விடும்.

"வழக்கமாக" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்த 1946ஆம் ஆண்டின் தொழில் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி நிலையாணைகளில், வழக்கமாகத் தாமதமாக வருவது ஒழுங்கீனச் செயல்களின் பட்டியலில் இருந்தது. அதாவது "வழக்கமாக" என்பது வெறும் வர்ணனை இல்லை, அது ஒரு குற்றச்சாட்டு. விளக்கம் கேட்கும் முதல் கடிதத்திலேயே அதை எழுதினால், கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொன்னதாக ஆகும். எண்ணிக்கையை எழுதுங்கள்: "20 நாள்களில் 6".

சம்பளப் பிடித்தம் கடிதத்தில் வராது

ஐந்தாவது வரி ஆபத்தானது. அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, வேலைக்கு வராத நேரத்துக்கான பிடித்தம் அந்த நேரத்தின் விகிதத்தைத் தாண்டக் கூடாது. இருபது நிமிடத்துக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்தால், மிச்சம் அபராதம் ஆகிறது. அபராதம் போட வேண்டுமென்றால் அதற்கான செயல்கள் முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், ஊழியரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், அந்த ஊதியக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்த வரம்புகளை வைத்திருக்கிறது. எங்கள் வழக்கில் 9 மணியிலிருந்து கணக்கிட்டால் ஆறு நாள்களின் மொத்தத் தாமதம் 159 நிமிடம். மேலாளர் கேட்டதோ நாளுக்கு அரை நாள். இதை அவருக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்; சட்டப் பிரிவைச் சொன்னபோது வராத அமைதி, கணக்கைப் பார்த்தபோது வந்தது.

எந்த வகைக் கடிதம்?

மெமோ என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று கடிதங்களைக் குறிப்பிடுகிறோம்: விளக்கம் கேட்பது, எச்சரிப்பது, குற்றச்சாட்டைப் பதிவு செய்து விசாரணைக்கு அழைப்பது. (அரசு ஊழியர்கள் சிறு தண்டனைக்கு 17-ஏ, பெரும் தண்டனைக்கு 17-பி என்று விதி எண்ணாலேயே பிரித்துச் சொல்வதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு.) முதல் முறை எழுத்தில் போகும்போது அது விளக்கம் கேட்பதாகத்தான் இருக்க வேண்டும். காரணம் கேட்காமல் கொடுத்த எச்சரிக்கை, பின்னால் யார் கையிலாவது போனால் நிற்காது.

கடைசியாகப் போன கடிதம் இது. தலைப்பில் "எச்சரிக்கை" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

> நாள்: 26.03.2025
>
> பொருள்: வருகை நேரம் குறித்து விளக்கம் கேட்டல்
>
> தங்கள் பணி காலை 9.00 மணிக்குத் தொடங்குகிறது. 9.10 வரையிலான வருகை தாமதமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஒரு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் தாமதம் பதிவானால் விளக்கம் கேட்கப்படும் என்று அறிவிப்புப் பலகையில் உள்ள வருகை விதிகள் கூறுகின்றன.
>
> மார்ச் 3 முதல் 25 வரையிலான 20 வேலை நாள்களில், பின்வரும் 6 நாள்களில் தங்கள் வருகை 9.10க்குப் பிறகு பதிவாகியிருக்கிறது: மார்ச் 4 செவ்வாய் 9.24, 7 வெள்ளி 9.31, 11 செவ்வாய் 9.22, 18 செவ்வாய் 9.27, 21 வெள்ளி 9.35, 25 செவ்வாய் 9.20. அலுவலாக வெளியே சென்றிருந்த மார்ச் 14, பதிவுக் கருவி இயங்காதிருந்த மார்ச் 20 ஆகிய நாள்கள் இதில் சேர்க்கப்படவில்லை.
>
> மார்ச் 7 அன்று 9.45க்குப் புறப்பட வேண்டிய முதல் வண்டி, பில் தயாராகாததால் 10.05க்குப் புறப்பட்டது.
>
> மார்ச் 12 அன்று பிரிவு மேலாளர் இது குறித்துத் தங்களிடம் நேரில் பேசினார். அதன் பின் மார்ச் 18, 21, 25 ஆகிய நாள்களில் தாமதம் பதிவாகியிருக்கிறது.
>
> தாமதத்துக்கான காரணத்தை 02.04.2025 மாலை 5 மணிக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். மேலே உள்ள தேதியிலோ நேரத்திலோ பிழை இருந்தால் சுட்டிக்காட்டலாம். பணி நேரத்தில் மாற்றம் தேவைப்படும் சூழ்நிலை இருந்தால் அதையும் குறிப்பிடலாம். எழுதுவதற்கு முன் நேரில் பேச விரும்பினால் மனிதவளப் பிரிவை அணுகலாம்.
>
> தங்கள் விளக்கத்தைப் பார்த்த பிறகே மேல் நடவடிக்கை தேவையா என்று முடிவு செய்யப்படும். குறித்த நாளுக்குள் விளக்கம் வராவிட்டால், இருக்கும் பதிவுகளைக் கொண்டு முடிவெடுக்கப்படும்.

பதிலுக்கு ஒரு வாரம் கொடுத்தேன். இடையில் ரம்ஜான் விடுமுறை இருந்தது. "இக்கடிதம் கண்ட 24 மணி நேரத்துக்குள்" என்று எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. தாமதத்தைப் பற்றி விளக்கம் எழுத யாருக்கும் ஒரு நாள் போதும்தான். ஆனால் மருத்துவச் சீட்டையோ வேறு தாளையோ தேடி எடுக்க அது போதாது.

மொழியையும் பாருங்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படுபவருக்கு ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, அவர் பதில் தரவில்லை என்று குறை சொல்ல முடியாது. எங்கள் கிடங்கின் ஏற்றுமதிப் பிரிவில் இந்தி பேசும் தொழிலாளர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழ்க் கடிதமும் அதே அநீதிதான்.

கையில் கொடுக்கும்போது

மேசைக்குப் போய்க் கொடுக்காதீர்கள், குழுவில் படம் எடுத்துப் போடவே போடாதீர்கள். அறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லி, படிக்க நேரம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நகலின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள். பழைய படிவங்களில் "படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டேன்" என்று இருக்கும். ஏற்றுக்கொள்வது வேறு, பெற்றுக்கொள்வது வேறு. ஊழியர்கள் கையெழுத்துப் போட மறுப்பதில் பாதி இந்த ஒரு சொல்லால்தான் என்பது என் அனுபவம். "கடிதத்தின் நகலைப் பெற்றுக்கொண்டேன்" என்று மாற்றி, பக்கத்தில் நாளும் நேரமும் எழுத இடம் விடுங்கள்.

அப்படியும் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அங்கேயே இருக்கும் இருவர் முன்னிலையில் கடிதத்தைக் கொடுக்க முன்வந்ததையும் அவர் மறுத்ததையும் இரண்டு வரியில் குறித்து, அவர்கள் கையெழுத்தை வாங்கிவிட்டு, பெறுபவரின் கையொப்பம் வாங்கி ஒப்படைக்கும் தபாலில் அவர் தந்திருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். சாட்சிகளில் ஒருவராக அந்த மேலாளரே இருக்கக் கூடாது.

பதில் வந்த பிறகு

எங்கள் ஊழியர் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 1 அன்று பதில் வந்தது, பின்னால் மருத்துவமனைச் சீட்டின் நகலோடு. அவருடைய அப்பாவுக்கு வாரம் இரு முறை, செவ்வாயும் வெள்ளியும், காலையில் டயாலிசிஸ். கொண்டுபோய் உள்ளே படுக்க வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வர முடிகிறது. மேலாளரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லார் முன்னாலும் கடிகாரத்தைப் பார்ப்பவரிடம் என்னவென்று சொல்வது?" என்றார்.

காரணம் சரியாக இருந்தாலும் முதல் வண்டிக்குப் பில் வேண்டும். அதனால் அந்த இரு நாள்களுக்கு அவருடைய நேரத்தை 9.45 முதல் என்று மாற்றி, மாலையில் அதே அளவு நீட்டி, முதல் வண்டியின் பில்லைப் பக்கத்து மேசைக்காரருக்கு ஒதுக்கினோம். நான்கு தாமதத்துக்குக் கடிதம் வாங்கியவர் அவர்தான். அவருக்கு இதைவிட எரிச்சலான செய்தி அந்த மாதம் கிடைத்திருக்காது. மாற்றம் மூன்று மாதத்துக்கு மட்டும், அதன் பின் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதினோம். முடிவு தேதி இல்லாத சலுகை பின்னால் இன்னொரு மெமோவுக்கு வழி செய்யும்.

விளக்கம் திருப்தியாக இல்லாமலோ வராமலோ போயிருந்தால், அடுத்த கடிதம் எச்சரிக்கையாக இருந்திருக்கும். அதில் முதல் கடிதத்தின் நாள், பதிலின் சாரம், அதை ஏற்காததன் காரணம், இனி எதிர்பார்ப்பது என்ன என்ற நான்கும் வேண்டும். அப்போதும் அக்கறையைப் பற்றி ஒரு சொல் வராது.

கடைசியாக, கோப்பை மூட மறக்காதீர்கள். "விளக்கம் ஏற்கப்பட்டது, 04.04.2025 முதல் பணி நேரம் மாற்றப்பட்டது, மேல் நடவடிக்கை இல்லை" என்ற ஒரு வரியை எழுதி, அதன் நகலை ஊழியரிடம் கொடுங்கள். பதில் வாங்கிக்கொண்டு அப்படியே விட்ட மெமோக்கள், இரண்டு வருடம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது கோப்பிலிருந்து தலையை நீட்டும். அப்போது அது எப்படி முடிந்தது என்று சொல்ல அந்த மேலாளரும் அங்கே இருக்க மாட்டார், நீங்களும் இருக்க மாட்டீர்கள்.